தாய்லாந்தில் ஓர் ஆளுக்கு மூன்று பெயர்: ஆபீஸ் காகிதங்களோடு பழகியதில் கற்றது

பாங்காக்கில் சீலோம் பக்கம் நகைக்கல் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சம்பளக் கணக்கு, ஊழியர் கோப்புகள், வெளிநாட்டுப் பயணம் என்றால் விசா, டிக்கெட் எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். தாய்லாந்துக்காரர்களின் பெயர்களோடு தினமும் மல்லுக்கட்டும் வேலை என்று சொல்லலாம். இங்கே புதிதாக வேலைக்கு வரும் நம்மவர்கள் ஒவ்வொருவரும் என்னிடம் கேட்கும் கேள்விகள் ஒரே மாதிரி இருப்பதால், தெரிந்ததை ஓர் இடத்தில் எழுதி வைக்கிறேன்.

ஒவ்வொரு தாய்லாந்துக்காரருக்கும் மூன்று பெயர் உண்டு. முதலாவது 'சூ லென்'. வீட்டில் வைக்கும் சின்னப் பெயர், பெரும்பாலும் ஓரசை. இரண்டாவது 'சூ ஜிங்'. பிறப்புச் சான்றிதழில் உள்ள முறையான பெயர், அநேகமாகப் பாலியிலோ சமஸ்கிருதத்திலோ வேர் உள்ளது. மூன்றாவது 'நாம் சகுன்', குடும்பப் பெயர். இந்த மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் தனித்தனி உலகங்களில் வாழ்கின்றன என்பதைத்தான் வந்தவுடன் புரிந்துகொள்ள வேண்டும். நோக் என்று கூப்பிடப்படுகிறவரின் முறையான பெயரில் 'நோக்' என்ற ஒலியே இருக்காது. சின்னப் பெயர் பெரிய பெயரின் சுருக்கம் அல்ல. அதனால் ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்க வழியே இல்லை.

சின்னப் பெயர் எந்த அரசுப் பதிவேட்டிலும் கிடையாது. ஆனால் ஆளை ஆள் அறிவது அதை வைத்துத்தான். பழைய தலைமுறையில் லெக் (சின்னது), யாய் (பெரியது), டேங் (சிவப்பு), குங் (இறால்), மூ (பன்றி), கோப் (தவளை) என்று நிறம், உருவம், சிறு உயிரினங்களாக இருக்கும். குழந்தைக்கு அழகான பெயர் வைத்தால் தீய ஆவிகளின் கண் படும், அதனால் யாரும் ஆசைப்படாத பெயராக இருக்கட்டும் என்ற நம்பிக்கை அதன் பின்னால் இருந்தது. குப்பை, பிச்சை என்று பெயர் வைத்த நம் பாட்டிமார்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. இப்போது முப்பது வயதுக்குள் இருப்பவர்களிடம் பென்ஸ், பேங்க், கோல்ஃப், மின்ட், ஐஸ், ஃபர்ஸ்ட் என்றுதான் அதிகம் கேட்கிறேன். பேங்க் என்ற பெயரில் யாருக்கும் சிரிப்பு வராது. நீங்களும் சிரித்துவிடாதீர்கள். அந்தப் பெயரோடுதான் அவர் கல்யாணம் செய்து, மேலாளர் ஆகி, ஓய்வு பெறுவார்.

பிரதமர்களுக்கும் இதே கதைதான். யிங்லக் சினவத்ராவைப் பத்திரிகைத் தலைப்புகள் 'பூ' என்று எழுதின. நண்டு என்று அர்த்தம். அபிசித் வெச்சாசீவா என்றால் மார்க். பேதோங்தான் என்றால் உங் இங். தலைப்பில் முழுப்பெயர் தேடினால் யாரைப் பற்றிய செய்தி என்றே தெரியாது. நாளிதழ் படித்துத் தாய்லாந்து மொழி கற்க முயல்கிறவர்கள் முதலில் தலைவர்களின் சின்னப் பெயர்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆபீஸில் எப்படிக் கூப்பிடுவது? வயதில் மூத்தவர் என்றால் 'பி' என்ற அடைமொழியோடு சின்னப் பெயர். பி நோக் என்றால் நோக் அக்கா. இளையவர் என்றால் 'நோங்'. கொஞ்சம் மரியாதையான தூரம் வேண்டும் என்றால் 'குன்' போட்டுச் சின்னப் பெயரையோ முறையான பெயரையோ சொல்லலாம். அரசு அலுவலகத்திலும் வங்கியிலும் குன் என்பதோடு முறையான பெயர். ஆனால் எந்த இடத்திலும் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஐரோப்பிய வாடிக்கையாளர்கள் மின்னஞ்சலில் குடும்பப் பெயருக்கு முன்னால் மிஸ்டர் போட்டு எழுதுவார்கள். எங்கள் ஆட்கள் அதைப் பார்த்துவிட்டு, இது யாருக்கு வந்தது என்று ஒருவரை ஒருவர் கேட்பார்கள். பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கும்போதும் முறையான பெயரின் முதல் எழுத்தை வைத்துத்தான் அடுக்குவார்கள். பள்ளிக்கூட வருகைப் பட்டியலாக இருந்தாலும் சரி, கட்டுரையின் நூற்பட்டியலாக இருந்தாலும் சரி, குடும்பப் பெயரின் கீழ் தேடினால் ஆள் கிடைக்கமாட்டார்.

ஒரே சின்னப் பெயரில் இரண்டு பேர் இருப்பது சகஜம். எங்களிடம் நோக் இருவர். ஒருவர் நோக் பஞ்சி, அதாவது கணக்குப் பிரிவு நோக். மற்றவர் கல் தரம் பிரிக்கும் நோக். பேச்சுக்கு இது போதும். காகிதத்துக்குப் போதாது.

குடும்பப் பெயரின் அருமை எனக்கு நன்றாக விளங்கியது ஒரு மரணத்தின்போதுதான். எங்கள் நிறுவனத்தில் வெகுகாலம் வண்டி ஓட்டியவர் லுங் லெக். லுங் என்றால் பெரியப்பா முறை. அவர் இறந்த அன்று மாலை எல்லாருமாக விகாரைக்குப் போனோம். பாங்காக்கின் பெரிய விகாரைகளில் ஒரே நேரத்தில் பல இறுதிச் சடங்குகள் நடக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மண்டபம். 'சாலா' என்பார்கள். வாசலில் ஒரு பலகையில் இறந்தவரின் முறையான பெயரும் குடும்பப் பெயரும் எழுதியிருக்கும். லெக் என்று எங்கும் இருக்காது. கூட வந்தவர்களில் பலர் அவரோடு தினமும் சாப்பிட்டவர்கள். ஆனால் அவருடைய முறையான பெயர் என்ன என்று கேட்டால், முன்னே பின்னே பார்த்து நின்றார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்தப் பெயரை அவர்கள் ஒருநாளும் பயன்படுத்தியதில்லை.

என் கைப்பேசியில் ஊழியர் பட்டியல் இருந்தது. லுங் லெக் ஓய்வு பெற்று நாளாகிவிட்டதால் அவர் பெயர் அதில் இல்லை. ஆனால் அவருடைய மகன் எங்கள் கிடங்கில்தான் வேலை செய்கிறார். மகனின் குடும்பப் பெயரை எடுத்துக்கொண்டு பலகை பலகையாகப் பார்த்துப் போனோம். நான்காவது எழுத்திலேயே தெரிந்துவிட்டது. வேறு எந்தப் பலகையிலும் அந்தப் பெயர் இருக்க வாய்ப்பே இல்லை என்ற உறுதியோடு உள்ளே போனோம். அந்த உறுதி எங்கிருந்து வருகிறது என்பதுதான் அடுத்த விஷயம். அந்தக் குடும்பப் பெயரை இங்கே எழுதாததற்கும் அதுதான் காரணம். எழுதினால் அது ஒரு குடும்பத்தை, அந்த ஒரே குடும்பத்தை, அப்படியே காட்டிக்கொடுத்துவிடும்.

1913 வரை சயாமில் சாதாரண மக்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. ஒற்றைப் பெயர்தான். இன்னாரின் மகன், இந்த ஊர்க்காரன் என்று அடையாளம் சொல்வார்கள். அதிகாரிகளுக்கு அரசர் கொடுத்த பட்டமும் பட்டப்பெயரும் இருக்கும். பதவி மாறினால் அதுவும் மாறும். ஆறாம் ராமா என்ற வஜிராவுத் மன்னர், இங்கிலாந்தில் படித்துவிட்டு வந்தவர், 1913ல் குடும்பப் பெயர்ச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிறப்பு, இறப்பு, திருமணப் பதிவேடுகள் ஒழுங்காக இருக்க வேண்டுமானால் தலைமுறை தலைமுறையாகத் தொடரும் பெயர் வேண்டும் என்பது நோக்கம். சீனக் குடியேறிகளிடம் 'செ' என்று தொடங்கும் குலப்பெயர் ஏற்கெனவே இருந்தது. ஆனால் அது ஒரு பெரும் குலம் முழுவதற்கும் பொதுவானது, தனிக் குடும்பத்தைக் காட்டாது என்று மன்னர் வேறுபடுத்தினார். ஒரு குடும்பத்துக்கு ஒரு பெயர் என்ற எண்ணத்தின் விதை அங்கே இருக்கிறது.

மன்னரே உட்கார்ந்து பெயர் உருவாக்கிக் கொடுத்தார் என்பது ஆச்சரியமான விஷயம். ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு அவர் கொடுத்த பெயர்கள் பதிவேட்டில் வரிசை எண்ணோடு இருக்கின்றன. முதல் பெயர் 'சுகும்'. சாவ்பிரயா யோமராஜ் என்ற பட்டம் பெற்றிருந்த பான் என்பவருக்குக் கொடுத்தது. முன்னோரின் பெயர், குடும்பத் தொழில், ஊர் ஆகியவற்றை எடுத்துப் பாலி, சமஸ்கிருதச் சொற்களாக மாற்றிச் சேர்ப்பது மன்னரின் முறை. பிற்காலத்தில் பிரதமரான பிரேம் தின்சுலானந்தாவின் குடும்பப் பெயரும் அப்படி அவருடைய அப்பாவுக்குக் கிடைத்ததுதான். அரசரிடம் பெயர் பெறாதவர்கள் தாங்களே வைத்துக்கொண்டார்கள், அல்லது உள்ளூர் அதிகாரியோ பிக்குவோ சொன்னதை ஏற்றார்கள்.

இப்போது நடைமுறையில் இருப்பது 1962ன் ஆட்பெயர்ச் சட்டம். புதிதாகப் பதியும் குடும்பப் பெயர் அரசர் வழங்கிய பெயர்களோடும், ஏற்கெனவே பதிவான பெயர்களோடும் ஒத்துப்போகக் கூடாது. அரசர், அரசியின் பெயரையோ பட்டங்களையோ ஒத்திருக்கக் கூடாது. கொச்சைச் சொல் கூடாது. மெய்யெழுத்து பத்துக்கு மேல் போகக் கூடாது. இந்தப் பத்து மெய் என்ற வரம்பைப் படித்துவிட்டு, அப்படியானால் பெயர் சின்னதாகத்தானே இருக்கும் என்று நினைப்பீர்கள். உயிர்க்குறிகள் இந்தக் கணக்கில் வராது. பத்து மெய்யும் உயிர்களும் சேர்த்து ஆங்கில எழுத்தில் எழுதினால் பதினெட்டு, இருபது எழுத்து வந்துவிடும். விமான டிக்கெட்டில் பெயர் வெட்டுப்படுவது இதனால்தான்.

நல்ல குட்டிப் பெயர்களை முன்னால் வந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்கள் யாரிடமும் இல்லாத பெயர் வேண்டும் என்பதற்காகச் சொற்களைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டியிருந்தது. சீன வம்சாவளிக் குடும்பங்களின் பெயர்கள் நீளமாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம். பல குடும்பங்கள் பழைய குலப்பெயரின் ஒலியைப் புதுப் பெயரின் முன்பகுதியில் வைத்திருக்கின்றன. சி.பி. என்ற பெரிய வணிகக் குழுமத்தை நடத்தும் ஜியாரவனொன் குடும்பத்தின் பழைய குலப்பெயர் ஜியா. சில குடும்பங்கள் ஒலியையே விட்டுவிட்டன. சினவத்ரா குடும்பம் 1938ல் அந்தப் பெயரை ஏற்கும் முன்பு 'செ கூ' என்றிருந்தது.

ஆக, நீளமான குடும்பப் பெயர் இரண்டு பேருக்கு ஒன்றாக இருந்தால் அவர்கள் ஒரே குடும்பம் என்று தைரியமாக நம்பலாம். தாய்லாந்துக்காரர்கள் அப்படித்தான் நம்புகிறார்கள். புதியவரின் அட்டையைப் பார்த்ததும், 'இன்னாருக்கு நீங்கள் என்ன வேண்டும்?' என்று நேராகக் கேட்பார்கள். நிறுவனத்துக்குச் சரக்கு தருகிறவரின் குடும்பப் பெயரும் எங்கள் கொள்முதல் ஆளின் குடும்பப் பெயரும் ஒன்றாக இருந்தால், கணக்குத் தணிக்கை செய்கிறவர் உடனே நிமிர்ந்து உட்காருவார்.

ஆனால் இந்த நம்பிக்கைக்கு எல்லைகள் உண்டு. 'செ' என்று தொடங்கும் பெயர்களை, செ தாங், செ லிம் போன்றவற்றை, இன்றும் ஏராளமானோர் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்குள் உறவு இருக்க வேண்டியதில்லை. நக்கோன் ராட்சசீமா, அதாவது கோராட் பக்கத்தில், குடும்பப் பெயரின் கடைசியில் வட்டத்தின் பெயரை ஒட்டும் வழக்கம் இருந்தது. கிராதோக், குன்தோட், சூங்நேர்ன், பிமாய் என்று முடியும் பெயர்களைப் பார்த்தால் ஊர் தெரியுமே தவிர உறவு தெரியாது. அந்தக் கடைசித் துண்டை விட்டுவிட்டு முன்பகுதி ஒன்றா என்று பார்க்க வேண்டும். 'ந அயுத்தயா' என்று முடிவது அரச வம்சத்தின் கிளைகளுக்கு உரியது. அதுவும் பல கிளைகளுக்குப் பொது. இன்னொன்றும் இருக்கிறது. ஒரு பெயரைப் பதிந்தவர் மற்றவருக்கும் அந்தப் பெயரைச் சேர்ந்து பயன்படுத்த அனுமதி தரலாம். அப்போது ரத்த உறவே இல்லாதவரும் அதே பெயரில் இருப்பார்.

குடும்பப் பெயர் உறுதியான சாவி என்றால், முறையான பெயர் மாறிக்கொண்டே இருப்பது. இங்கே பெயர் மாற்றுவது சர்வ சாதாரணம். உடல்நலம் சரியில்லை, தொழில் சரியில்லை, ஜோசியர் சொன்னார் என்றால் வட்ட அலுவலகத்துக்குப் போய் மாற்றிவிடுவார்கள். பாங்காக்கில் அந்த அலுவலகத்தை 'கேட்' என்பார்கள், நம் தாலுகா ஆபீஸ் போன்றது. அடையாள அட்டையும் 'தபியன் பான்' என்ற வீட்டுப் பதிவேடும் கொண்டுபோனால் போதும். கட்டணம் 50 பாட். புதுக் குடும்பப் பெயர் பதிவதற்கு 100 பாட். அதற்கு விண்ணப்பத்தில் விருப்ப வரிசையில் சில பெயர்களை எழுதிக் கொடுக்க வேண்டும். மாகாண நிர்வாகத் துறையின் தரவுத்தளத்தில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, யாரிடமும் இல்லாததைக் கொடுப்பார்கள்.

ஜோசியத்தில் பிறந்த கிழமைக்கு ஏற்ப விலக்க வேண்டிய எழுத்துகள் உண்டு. 'காலகினி' என்பார்கள். ஞாயிறு பிறந்தவர் ச, ஹ வரிசை எழுத்துகளைத் தவிர்க்க வேண்டும். வெள்ளி பிறந்தவருக்கு ய, ர, ல, வ ஆகாது. திங்கள் பிறந்தவருக்குத்தான் கஷ்டம். அவர்களுக்கு உயிர்க்குறிகள் ஆகாது. எழுதினால் உயிர்க்குறியே விழாத பெயராகத் தேட வேண்டும்.

எங்கள் பென்ஸ் விஷயத்தைப் பார்த்தால் இதெல்லாம் எப்படிச் சேர்ந்து வருகிறது என்று தெரியும். பெயர்களை மாற்றி எழுதுகிறேன். ஜெய்ப்பூரில் கல் பார்க்க அவரை அனுப்ப வேண்டும் என்று முடிவானது. பயண முகவர் பெயர் கேட்டார். நான் பென்ஸின் காகிதங்களை எல்லாம் ஒன்றாக மேசையில் பரப்பினேன். பட்டச் சான்றிதழில் சிரிபோன், அப்பாவின் குடும்பப் பெயர். பாஸ்போர்ட்டில் கமோன்போன், அப்பாவின் குடும்பப் பெயர். அடையாள அட்டையில் கமோன்போன், கணவரின் குடும்பப் பெயர். மாணவியாக இருந்தபோது திறந்த ஒரு வங்கிக் கணக்கில் இன்னும் சிரிபோன்தான். பார்க்கிறவருக்கு மூன்று பெண்கள்போலத் தெரியும்.

நடந்தது இதுதான். அவர் திங்கட்கிழமை பிறந்தவர். சிரிபோன் என்று எழுதினால் உயிர்க்குறி வரும். கமோன்போன் என்ற பெயரைத் தாய்லாந்து எழுத்தில் எழுதினால் க, ம, ல, ப, ர என்று வெறும் ஐந்து மெய்தான், ஒரு குறியும் இல்லை. படிப்பு முடிந்தபின் அதற்கு மாறினார். பாஸ்போர்ட் எடுத்தார். அப்புறம் கல்யாணம் நடந்து கணவரின் குடும்பப் பெயரை ஏற்றார். அது கட்டாயம் இல்லை. 2003ல் அரசியலமைப்பு நீதிமன்றம், மனைவி கணவரின் குடும்பப் பெயரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்ற விதி செல்லாது என்றது. 2005ல் சட்டமே திருத்தப்பட்டது. இப்போது இருவரும் பேசி யாருடைய பெயரை வேண்டுமானாலும் எடுக்கலாம், அவரவர் பெயரோடும் இருக்கலாம். பென்ஸ் மாற்றிக்கொள்ள விரும்பினார், அவ்வளவுதான்.

இந்த மூன்று பெயரையும் ஓர் ஆளாக்குவது இரண்டு விஷயங்கள். ஒன்று, பதின்மூன்று இலக்க அடையாள எண். பெயர் எத்தனை முறை மாறினாலும் அது மாறாது. வருமான வரிக்கும் அதே எண்தான். அதனால் சம்பளப் பதிவேட்டில் நான் ஆளை அந்த எண்ணின் கீழ்தான் வைத்திருக்கிறேன், பெயரின் கீழ் அல்ல. இரண்டாவது, மாற்றத்தின்போது வட்ட அலுவலகம் தரும் சான்றிதழ்கள். முதல் பெயர் மாற்றத்துக்கு 'சோ-3', திருமணத்தாலோ விவாகரத்தாலோ வரும் குடும்பப் பெயர் மாற்றத்துக்கு 'சோ-5'. புதுக் குடும்பப் பெயர் பதிந்தவருக்கு 'சோ-2', இன்னொருவரின் பெயரைச் சேர்ந்து பயன்படுத்த அனுமதி பெற்றவருக்கு 'சோ-4'. பேச்சில் எல்லாவற்றையும் 'பாய் ப்லியன் சூ', பெயர் மாற்றக் காகிதம், என்று சொல்வார்கள். வேலைக்குச் சேரும் அன்றே, 'பெயர் மாற்றியிருக்கிறீர்களா, அந்தக் காகிதம் இருக்கிறதா?' என்று கேட்டு ஒரு நகல் வாங்கிவிடுவேன். இங்கே இதைக் கேட்பது யாருக்கும் சங்கடமான கேள்வி இல்லை. பாதிப் பேர் ஆமாம் என்பார்கள்.

பென்ஸுக்கு முதலில் புது பாஸ்போர்ட் எடுக்கச் சொன்னேன். பழையது காலாவதி ஆகவில்லைதான். ஆனால் அடையாள அட்டையும் பாஸ்போர்ட்டும் வேறு வேறு குடும்பப் பெயர் காட்டினால் விமான நிலையத்தில் ஒவ்வொரு மேசையிலும் விளக்கம் சொல்ல வேண்டிவரும். அதற்குப் பின்தான் டிக்கெட், அதற்குப் பின்தான் விசா. இந்த வரிசையை மாற்றினால் டிக்கெட் பெயரைத் திருத்தப் பணம் போகும். இந்திய விசாப் படிவத்தில், இதற்கு முன் பெயர் மாற்றியதுண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. அங்கே ஆமாம் என்று போட்டுப் பழைய பெயரை எழுதினோம். சோ-3, சோ-5 இரண்டையும் மொழிபெயர்த்துக் கையில் கொடுத்தனுப்பினேன். பழைய வங்கிக் கணக்கையும் கிளைக்குப் போய் மாற்றிக்கொண்டார்.

வங்கி என்றதும் ஒரு சின்ன விஷயம். 2017ல் வந்த ப்ராம்ப்ட்பே மூலம் கைப்பேசி எண்ணுக்குப் பணம் அனுப்பும்போது, உறுதி செய்யும் திரையில் பெறுபவரின் முறையான பெயர்தான் வரும். நீங்கள் மின்ட்டுக்கு அனுப்புகிறீர்கள், திரையில் நீங்கள் கேட்டே இராத ஒரு பெயர் நிற்கும். தயங்கி நின்று, 'சூ ஜிங் சூ அராய்?', முறையான பெயர் என்ன, என்று அவரிடமே கேட்டுச் சரிபார்த்து அனுப்புங்கள். எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் யாரோ ஒருவரின் பெயர் வரும், அதுவும் உங்களுக்குத் தெரியாத பெயராகவேதான் இருக்கும்.

ஆங்கில எழுத்தில் எழுதுவது தனிச் சிக்கல். ஒலிப்படி எழுதுவதற்கு அரசு முறை ஒன்று உண்டு. ஆனால் பலர் பாலி, சமஸ்கிருத எழுத்துப்படியோ தங்கள் இஷ்டப்படியோ எழுதுவார்கள். விமான நிலையத்தின் பலகையில் Suvarnabhumi என்று இருக்கும், டாக்சிக்காரர் சுவன்னபூம் என்பார். மனிதர்களின் பெயரும் அப்படித்தான். Siriporn, Siriphon இரண்டும் தாய் எழுத்தில் ஒரே பெயர். அதனால் இது தப்பு, அது சரி என்று நீங்களாகத் திருத்தாதீர்கள். ஒருவரின் பாஸ்போர்ட்டில் இருப்பது எதுவோ அதுதான் அவருக்குச் சரி. என் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் தாய் எழுத்தில் ஒரு வரி, பாஸ்போர்ட் எழுத்தில் ஒரு வரி. காதால் கேட்டு எழுதும் வேலையே கிடையாது. இரண்டு ஆவணத்தில் ஆங்கில எழுத்து வேறாக இருந்தால், தாய் எழுத்தை வைத்து ஒப்பிட்டுப் பார்த்தால் ஒரே ஆளா இல்லையா என்று தெரிந்துவிடும்.

இனி நம்மவர்களின் பக்கம். குடும்பப் பெயர் என்றால் ஒரே குடும்பம் என்று நினைத்துப் பழகிய அலுவலர் முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம் போய் நின்றால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்பாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடத்தில் தாத்தாவின் பெயர். பிள்ளையின் பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர். மனைவியுடையதில் மாமனார் பெயரோ, அவருடைய அப்பா பெயரோ. சிலருக்கு அந்த இடமே காலி. மூன்று பேர், மூன்று குடும்பப் பெயர். சார்ந்திருப்போர் விசாவுக்குப் போகும்போது, இவர் உங்கள் பிள்ளைதானா என்று கேட்பது அவருடைய வேலை. கோபப்பட்டுப் பயனில்லை. பிள்ளையின் பிறப்புச் சான்றிதழும் திருமணச் சான்றிதழும் மொழிபெயர்ப்போடு, தேவையான அத்தாட்சி முத்திரைகளோடு தயாராக இருக்க வேண்டும். நான் ஒரு பக்கத்தில், எங்கள் வழக்கத்தில் அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயராக வரும் என்று தாய்லாந்து மொழியில் நான்கு வரி எழுதி வைத்திருக்கிறேன். அதைச் சான்றிதழோடு சேர்த்துக் கொடுத்தால் பேச்சு சீக்கிரம் முடிகிறது. எங்கள் ஆபீஸில் குமார் என்று முடியும் இருவர் இருந்தார்கள். இவர்கள் அண்ணன் தம்பி இல்லை என்பதை நோக் அக்காவுக்குப் புரியவைக்கவே கொஞ்ச நேரம் ஆனது. அவர் கேட்டதில் தப்பே இல்லை. அவர் நாட்டில் அதுதான் சரியான கேள்வி.

பிள்ளையை இங்கே மழலையர் பள்ளியில் சேர்க்கும்போது படிவத்தில் 'சூ லென்' என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் காலியாக விடாதீர்கள். விட்டால் ஆசிரியை தனக்கு வசதியான ஒரு பெயரைத் தானே வைத்துவிடுவார், பிறகு நண்பர்களும் அதையே பிடித்துக்கொள்வார்கள். கவின் என்ற பையனுக்கு வின், மதுமிதாவுக்கு மது என்று வீட்டிலும் வாயில் வரும் ஒரு துண்டை எடுத்துக்கொள்ளலாம். ஓரசை, ஈரசைக்கு மேல் வேண்டாம். தாய்லாந்து மொழி சுருதி ஏறி இறங்கும் மொழி. நமக்கு வெறும் ஒலியாக இருப்பது அவர்களுக்குக் கெட்ட வார்த்தையாகிவிடும். குறிப்பாக 'ஹீ' என்று ஒலிக்கும் பெயர் கூடவே கூடாது, வகுப்பில் பிள்ளையால் தாங்க முடியாது. அதனால் கட்டத்தில் எழுதுவதற்கு முன்னால், பள்ளி வாசலில் நிற்கும் ஏதாவது ஒரு தாய்லாந்து அம்மாவிடம் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லிக் காட்டுங்கள். அவர் முகம் மாறாமல் திருப்பிச் சொன்னால் எழுதிவிடலாம்.